நீர்க்கடுப்புக்கு ஐந்தாவது ஆன்டிபயாடிக்கா? பொறுங்கள், உறை தீர்ந்து போயிருக்கலாம்!

உங்கள் அம்மாவுக்கு ஒரே வருடத்தில் நான்காவது முறையாக நீர்க்கடுப்பா? மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்க்காமலே மாத்திரையை எடுத்து வைக்கிறாரா? அப்படியென்றால் இந்த வீடியோவை முழுதாகப் பாருங்கள். பிரச்சினை சிறுநீர்ப்பையில் தொடங்கவே இல்லை என்று சொல்லப் போகிறேன்.

[திரையில்: தயிர்ச் சட்டி]

ஆமாம், தயிர்தான்! பாலில் உறை ஊற்றினால் என்ன நடக்கிறது? லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியா பாலின் சர்க்கரையைத் தின்று புளிப்பாக்குகிறது. அந்தப் புளிப்பில் வேறு பல கிருமிகளுக்குப் பிழைப்பு கிடையாது. பெண்ணின் யோனியிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை யோனிச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேர்கிறது. அதுதான் பால். அங்கேயே குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ்தான் உறை. அது அமிலம் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாகவே வைத்திருக்கும்.

மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சரிகிறது. சுவர் மெலிகிறது, மாவு குறைகிறது, உறை பட்டினி கிடந்து போய்விடுகிறது, புளிப்பும் இறங்குகிறது. காலியான வீட்டில் குடலிலிருந்து வரும் ஈ.கோலை என்ற கிருமி குடியேறுகிறது. அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு விரல் நீளம் கூட இல்லாத சிறுநீர்க்குழாய்தான் வழி. ஆன்டிபயாடிக் சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமியைக் கொல்லும், சரி. ஆனால் பால் இல்லாத சட்டியை அது எப்படி நிரப்பும்?

உடனே கமெண்டில் "தினமும் தயிர் சாதம் சாப்பிட்டால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது. தயிரை அங்கே தடவுவது இன்னும் மோசமான யோசனை, செய்யாதீர்கள்! பால் இல்லாத சட்டியில் எவ்வளவு உறை ஊற்றினாலும் தயிர் வராது. முதலில் பால் வேண்டும். அதைத்தான் யோனிக்குள் போடும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் கொண்டுவருகிறது.

இது 1993-லேயே தெரிந்த விஷயம் என்பதுதான் எனக்கு எரிச்சல். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ராஸ், ஸ்டாம் என்ற இருவர் எழுதினார்கள். மாதவிடாய் நின்று, அடிக்கடி நீர்த்தொற்று வரும் 93 பெண்களில் ஒரு பகுதியினருக்கு எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை க்ரீம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத க்ரீம். வெறும் க்ரீம் போட்டவர்களுக்கு ஆளுக்கு வருடத்துக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று வந்தது. எஸ்ட்ரியால் போட்டவர்களுக்கு 0.5. தொடக்கத்தில் யாரிடமும் லாக்டோபேசில்லஸ் இல்லை. ஒரு மாதத்தில் எஸ்ட்ரியால் போட்டவர்களில் பத்தில் ஆறு பேரிடம் அது திரும்பி வந்திருந்தது. மற்றவர்களில் ஒருவரிடம்கூட இல்லை. உறை தானாகவே திரும்பி வந்துவிட்டது, பாருங்கள்!

சரி, 62 வயது செல்வி அம்மா என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வருடத்தில் நான்கு தொற்று. ஆறு மாதத்தில் இரண்டோ, வருடத்தில் மூன்றோ வந்தாலே 'திரும்பத் திரும்ப' என்ற கணக்கு. ஒவ்வொரு முறையும் மாத்திரைக்கு முன், கிருமி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் கொடுத்தாரா என்று டாக்டர் முதலில் கேட்பார். ஏனென்றால் யோனி வறட்சியும் எரிச்சல் தரும், அதற்கு ஆன்டிபயாடிக் எதற்கு? சர்க்கரையையும், சிறுநீர் முழுதாக வெளியேறுகிறதா என்பதையும் பார்ப்பார்கள். பிறகு க்ரீம். வழக்கமான அளவு, 1 கிராமில் 1 மில்லிகிராம் எஸ்ட்ரியால் உள்ள க்ரீமில் அரை கிராம். அப்ளிகேட்டரில் எடுத்து, இரவு படுத்தபடி உள்ளே. இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரம் இரண்டு முறை. 15 கிராம் டியூப் என்றால் முதல் 14 நாளில் 7 கிராம் போகும், மீதி 8 வாரம் வரும்.

அடுத்த காட்சி: மகன் டியூபோடு வந்த சீட்டைப் படிக்கிறார். புற்றுநோய், ரத்தக்கட்டு! டியூப் அலமாரிக்குப் போகிறது. அந்தப் பயம் பெரும்பாலும் விழுங்கும் ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்தது. இந்தச் சின்ன அளவு க்ரீமில் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. வேடிக்கை என்னவென்றால், விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் நீர்த்தொற்றைக் குறைப்பதே இல்லை! ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் படுகிறதென்றால் அதன் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் க்ரீம்.

ஒன்றைக் கலந்துவிடாதீர்கள். இது தடுப்பு. இன்று வந்திருப்பது தொற்றுதான் என்றால் அதற்கு ஆன்டிபயாடிக்தான். குளிர் காய்ச்சலோ விலாவுக்குக் கீழே வலியோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

பலன் தெரிய சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். செல்வி அம்மாவுக்கு இரண்டாம் வாரமே ஒரு தொற்று வந்தால் "க்ரீம் வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போட வேண்டாம். ஆறு மாதம் தொற்றே வராமல் இருந்தாலும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் மாவும் போகும், உறையும் போகும். உங்கள் வீட்டில் அந்த டியூப் அலமாரியில் தூங்குகிறதா? கமெண்டில் சொல்லுங்கள்.