ஓ.டி.பி. வந்தது, பெட்டி வரவில்லை

வணக்கம். நான் பம்பலப்பிட்டியில் கணினி திருத்துகிறவன். இன்றைக்கு ஒரேயொரு கோளாறைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

போன மாதம் வெள்ளவத்தையில் இருந்து ஓர் அக்கா லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "தம்பி, இது பழுதாப் போச்சு. காசு கட்ட விடுகுதில்லை" என்றார். ஒன்லைன் கடையொன்றில் 18,450 ரூபாய்க்கு ஒரு கிரைண்டர் எடுத்திருக்கிறார். கார்ட் இலக்கத்தைக் கொடுத்து, பணம் செலுத்தும் பட்டனை அழுத்தியிருக்கிறார். கைபேசிக்கு ஓ.டி.பி. வந்துவிட்டது. அதை எழுத வேண்டிய பெட்டியைத்தான் காணவில்லை. திரையின் நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம், அவ்வளவுதான். மூன்று தரம் முயன்று மூன்று ஓ.டி.பி. வாங்கியிருக்கிறார்.

நான் லாப்டொப்பைத் தொடவில்லை. முதலில் அக்காவின் கைபேசியைத்தான் கேட்டேன். கணக்கிலிருந்து பணம் கழிந்ததாக வங்கியிடமிருந்து செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. இதை முதலில் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. சில கட்டணங்கள் ஓ.டி.பி. கேட்காமலே போய்விடும். சில வேளை பணம் போன பிறகு, "நன்றி" சொல்லும் கடைசிப் பக்கம் மட்டும் உடைந்துபோகும். அப்படிப் பணம் கழிந்த செய்தி வந்திருந்தால், திரையில் என்ன தெரிந்தாலும் மறுபடி அழுத்தக்கூடாது. கடைக்காரருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும்.

அக்காவின் பணம் போகவில்லை. சரி, இனிப் பழுதைத் தேடலாம்.

அவர் பாவிப்பது ஃபயர்பொக்ஸ். மூலையில் uBlock Origin என்ற விளம்பரத் தடுப்பான் இருந்தது. மகன் போட்டுக்கொடுத்தது. அதுதான் காரணமா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. பிரவுசரில் பிரைவேட் ஜன்னல் ஒன்றைத் திறந்து அதே கடைக்குப் போங்கள். நாமாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய, இப்படிச் சேர்த்த தடுப்பான்கள் அந்த ஜன்னலில் வேலை செய்யாது. அங்கே பெட்டி ஒழுங்காக வந்தால் குற்றவாளி பெரும்பாலும் தடுப்பான்தான். அங்கேயும் வராவிட்டால் தடுப்பானை விட்டுவிட்டு வேறு காரணம் தேடலாம். குரோம் பாவிப்பவர்களுக்கு இன்னொரு தடயமும் கிடைக்கும். F12 அழுத்தி Console என்ற பகுதியைப் பார்த்தால் `net::ERR_BLOCKED_BY_CLIENT` என்று ஒரு சிவப்பு வரி நிற்கும். கடையோ வங்கியோ மறுக்கவில்லை, உங்கள் பிரவுசரிலேயே ஏதோ ஒன்று நிறுத்தியது என்று அதற்கு அர்த்தம். ஆனால் இந்த வரி சாதாரண விளம்பரங்களுக்கும் வரும். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

விளம்பரத்தைத் தடுக்கிற சாமான் ஏன் வங்கியின் பெட்டியைத் தடுக்கிறது? அதனிடம் EasyList, EasyPrivacy போன்ற பட்டியல்கள் இருக்கின்றன. விளம்பரங்களின் முகவரிகளும், நம்மைப் பின்தொடர்கிற நிரல்களின் முகவரிகளும், அந்த முகவரிகளில் வழக்கமாக வரும் சொற்களும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். கார்டைப் பாவிப்பவர் உண்மையான சொந்தக்காரர்தானா என்று அறிய வங்கியும் உங்கள் கணினியின் அடையாளங்களைப் பார்க்கிறது. எந்தப் பிரவுசர், திரை எவ்வளவு அகலம், எந்த மொழி என்றெல்லாம். விளம்பரக்காரர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். தடுப்பானுக்கு இருவரும் ஒரே மாதிரித்தான் தெரிகிறார்கள்.

அக்கா சும்மா இருக்கவில்லை. "வங்கியின்ர பெட்டிதானே வரேல்லை" என்று யோசித்து, வங்கியின் தளத்துக்குப் போய் அங்கே தடுப்பானை நிறுத்தியிருக்கிறார். பலன் இல்லை. நன்றாகப் படித்த ஆட்களும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். uBlock பார்ப்பது மேலே முகவரிப் பட்டையில் இருக்கும் பெயரை. அக்கா மாட்டிக்கொண்ட நேரத்தில் அங்கே இருந்தது கடையின் பெயர். வங்கியின் பெட்டி அந்தப் பக்கத்துக்குள்ளே ஒரு சிறு சட்டத்தில் வருகிற விருந்தாளி. தடுப்பான் வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டுத்தான் விடும், விருந்தாளியின் பெயரைக் கேட்காது. வீட்டுக்காரருக்கு அனுமதி கொடுத்தால் உள்ளே வருகிறவர்களுக்கும் அது செல்லும்.

ஆகவே கடையின் பக்கத்தில் நின்றுகொண்டு uBlock அடையாளத்தை அழுத்தினோம். பெரிய பவர் பட்டன் ஒன்று வரும். அதை ஒரு தரம் அழுத்தி, பக்கத்தை மறுபடி ஏற்றினோம். கூடையில் கிரைண்டர் அப்படியே இருந்தது. நாலாவது ஓ.டி.பி. வந்தது, பெட்டியும் வந்தது.

எல்லாக் கடையும் இப்படியல்ல. சில கடைகள் பணம் கட்டும்போது நம்மை முழுசாக இன்னொரு தளத்துக்கு அனுப்பிவிடும். முகவரிப் பட்டையில் பெயரே மாறிவிடும். அங்கே மாட்டிக்கொண்டால் அந்தப் புதிய பெயருக்குத்தான் அனுமதி கொடுக்க வேண்டும். ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் நின்று ரீலோட் செய்வது எனக்குப் பிடிக்காது. பாதி வழியில் அறுந்துபோகலாம். பவர் பட்டனை அழுத்திவிட்டு, கடைக்குத் திரும்பி, கூடையிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். கொடுத்த அனுமதி நினைவில் இருக்கும்.

அனுமதி கொடுக்க முன்னர் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். "உங்கள் பார்சல் வந்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள்" என்று வரும் செய்தியின் லிங்க் வழியாகப் போன பக்கம், தடுப்பானை நிறுத்தச் சொன்னால் நிறுத்தவே கூடாது. கடையின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போயிருக்க வேண்டும். இன்னொன்று, பக்கத்தைத் திறக்கவே விடாமல் uBlock முழுத்திரையில் எச்சரித்தால் அது பெட்டி உடைகிற கதையல்ல. திரும்பிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் அதே பவர் பட்டனை மறுபடி அழுத்தினால் அனுமதி போய்விடும். அடிக்கடி வாங்குகிற கடையென்றால் விட்டுவைக்கலாம், அந்தக் கடையின் விளம்பரங்களும் பின்தொடரிகளும் கூடவே வரும், அவ்வளவுதான். கொடுத்த அனுமதிகள் எல்லாம் uBlock அமைப்புகளில் Trusted sites என்ற பக்கத்தில் வரிவரியாக இருக்கும். `-scheme` என்று முடியும் வரிகள் அதனுடையவை, அவற்றில் கைவைக்காதீர்கள். நீங்களாக எழுதினால் முழுப் பெயரையும் எழுதுங்கள். ஒருவர் அவசரத்தில் `com.lk` என்று மட்டும் எழுதிவிட்டு என்னிடம் வந்தார். ஒரு வரி தன் கீழே வரும் எல்லாப் பெயர்களுக்கும் பொருந்தும். அப்படி முடிகிற இலங்கைத் தளங்கள் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டு, "தடுப்பான் வேலை செய்யுதில்லை" என்று முறைப்பாடு வேறு!

கைபேசியில் கதை கொஞ்சம் மாறும். அண்ட்ரொய்ட் கைபேசியில் Private DNS என்ற இடத்தில் விளம்பரம் தடுக்கும் முகவரி ஒன்றைப் போட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அது எந்தக் கடையின் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதை அறியாது, கேட்கப்படும் பெயர்களை மட்டும்தான் பார்க்கும். அதனால் இந்த வழியில் தடுக்கும்போது ஒரு கடைக்கு மட்டும் அனுமதி கொடுக்க முடியாது. வங்கியின் செயலிகூட இதனால் முடங்கலாம். அங்கே Private DNS அமைப்பை Off ஆக்கி, பணத்தைக் கட்டி, பழையபடி வைப்பதுதான் வழி. பழைய முகவரி அழிந்துபோனால் திரும்ப எழுத வேண்டிவரும், முதலே ஒரு துண்டில் குறித்து வையுங்கள்.

அக்காவின் கிரைண்டர் மூன்றாம் நாள் வந்து சேர்ந்ததாம். வங்கித் தளத்துக்குக் கொடுத்த தேவையில்லாத அனுமதியையும் அன்றே அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன். நன்றி, வணக்கம்.