வேனில் ஏறியதுமே அலுவலகம்தான்

நேயர்களுக்கு வணக்கம். சனிக்கிழமை காலையில் பர்லியாறு தாண்டி வரும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனி பேனர் கட்டிய வேன், உள்ளே பாட்டு. கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் இரண்டு நாள் டூருக்கோ கருத்தரங்குக்கோ நம் மலைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் நல்லபடியாகத்தான் திரும்புகிறார்கள். சில பெண்களுக்கு மட்டும் அந்த இரண்டு நாள் வேறு மாதிரி முடிகிறது. பணியிடத்தில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க நிறுவனங்களில் உள்ளகப் புகார் குழு இருக்கும். சில நிறுவனங்களில் அந்தக் குழுவில் வெளி உறுப்பினராக உட்கார்ந்து, அப்படி முடிந்ததைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். புகார் கொடுத்தவர் யாரென்று வெளியே தெரியக் கூடாது என்பது சட்டம். அதனால் தேதி, இடம் எல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன். குன்னூர் பக்கம் ஒரு ரிசார்ட், ஜனவரி 18. இரவு கேம்ப்ஃபயர், குடி, ஆட்டம். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பெண்ணைத் துறைத் தலைவர் கையைப் பிடித்து ஆட இழுக்கிறார். அந்தப் பெண் விலகிப் போய்விடுகிறார். இரவு 11.40க்கு அந்தத் தலைவரிடமிருந்து அலைபேசியில் செய்தி வருகிறது: "நாளைய பிரசன்டேஷன் பற்றிப் பேசணும், ரூமுக்கு வா." மறுநாள் இறங்கும்போது வேனில் அதே ஆள் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாய்கிறார்.

நிர்வாகம் சொன்னது என்ன தெரியுமா? "அது பார்ட்டிம்மா. ஆபீஸ் நேரமும் இல்லை, ஆபீஸும் இல்லை."

இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'பணியிடம்' என்பதற்குள் வேலையின் பொருட்டு ஊழியர் போகும் எந்த இடமும் வரும். அந்தப் பயணத்துக்கு நிறுவனம் கொடுக்கும் வண்டியும் வரும். ஆமாம், வண்டியும்தான். மேட்டுப்பாளையத்தில் அவர் வேனில் ஏறியபோதே பணியிடத்துக்குள் வந்துவிட்டார். கடிகாரத்தைப் பார்த்து யாரும் இதை முடிவு செய்ய முடியாது. அழைத்தது யார், செலவு யாருடையது, வேலையில் இல்லாவிட்டால் அந்தப் பெண் அங்கே இருந்திருப்பாரா, இதைத்தான் நாங்கள் கேட்போம். வந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, விருப்பம் இருந்தால் வரலாம் என்றுதான் சொன்னோம் என்பார்கள். மேலாளர் பெயர் எழுதும்போது வரவில்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க எத்தனை பேரால் முடியும்? வேனைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ரிசார்ட்டில் எழுந்து போய்விடலாம். மலை இறங்கும் வண்டியில் எங்கே போவது?

சரி, அடுத்து காலக்கெடு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். இந்தப் பெண் தந்தது ஏப்ரல் 28. ஜனவரி 18இலிருந்து எண்ணினால் கெடு தாண்டிவிட்டது என்றார்கள். ஆனால் அந்த ஆள் ஊர் திரும்பிய பிறகும் இரவில் செய்தி அனுப்பியிருந்தார், கடைசியாக பிப்ரவரி 6. தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் எண்ண வேண்டும். அப்படியானால் மே 6 வரை நேரம் இருந்தது. அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் புகார் நின்றது. கெடு தாண்டியே போனாலும், வர முடியாத காரணத்தைக் குழு எழுத்தில் பதிந்து இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம்.

வெளியூரில் நடந்ததற்கு இன்னொரு சிக்கல், சாட்சியம் சீக்கிரம் கரைந்துவிடும். ரிசார்ட் கேமராப் பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். அதனால் கெடுவுக்கு நாள் இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். குழு தலைவரிடம் புகார் தரும்போதே, அந்தப் பதிவையும் அறைப் பதிவேட்டையும் கேட்டு வாங்கும்படி எழுதிவிடுங்கள். பக்கத்தில் நின்றவர்கள் பெயரை அன்றிரவே குறித்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கில் பேசியது உடன் வேலை பார்த்தவர்கள் இல்லை. பின்சீட்டிலிருந்து எழுந்து அந்தப் பெண் முன்னால் வந்து நின்றதைச் சொன்னவர் வேன் டிரைவர். "உட்காருங்கம்மா, வளைவு வருதுன்னேன், உட்காரலைங்க" என்றார்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். கருத்தரங்கில் வேறு நிறுவனத்து ஆள் தவறாக நடந்தால் என்ன என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: உங்கள் நிறுவனத்துக் குழுவிடமே புகார் தரலாம், 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஹோம்ஸ்டேயோ கடையோ என்றால், அல்லது புகாரே முதலாளி மேல்தான் என்றால், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு உண்டு. நீலகிரியில் இருப்பவர்கள் ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். எழுத வராது என்றால் குழுவே எழுத உதவ வேண்டும். மகளிர் உதவி எண் 181. வணக்கம்.