கேட்டால் 64, பேசினால் 20: ஆல்பர்ட்டோவின் ஆங்கிலம் ஏன் நகரவில்லை?

[திரையில் இரண்டு எண்கள்: 64, 20]

வணக்கம். திரையில் தெரியும் இரண்டு எண்களும் ஒரே மனிதருக்கு உரியவை. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அதை எதிர்மறையாக மாற்றச் சொன்னபோது, அவர் நூற்றுக்கு 64 முறை சரியாகச் சொன்னார். இயல்பாகப் பேசவிட்டபோது, அதே இலக்கணம் நூற்றுக்கு 20 முறைதான் சரியாக வந்தது. தெரிந்த ஒன்று வாயில் ஏன் வரவில்லை என்பதைத்தான் இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஸ்பானிய மொழி பேசும் ஆறு பேர் ஆங்கிலம் கற்பதை ஓர் ஆய்வுக் குழு 10 மாதங்கள் கவனித்தது. அவர்களில் மிகக் குறைவாக முன்னேறியவரைப் பற்றி ஜான் ஷூமன் என்ற ஆய்வாளர் தனியாக எழுதி, 1978-இல் வெளியிட்டார். அந்த அறிக்கையில் அவருக்கு இடப்பட்ட புனைபெயர் ஆல்பர்ட்டோ. அவர் கோஸ்டாரிக்காவிலிருந்து வந்த 33 வயதுத் தொழிலாளி.

[திரையில்: "ஐ நோ அண்டர்ஸ்டாண்ட்"]

அவருடைய பேச்சு பெரும்பாலும் இந்த வகையில் இருந்தது. "டோன்ட்" வர வேண்டிய இடத்தில் வெறும் "நோ" வந்து நின்றது. இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. ஸ்பானிய மொழியில் வினைச்சொல்லுக்கு முன்னால் "நோ" சேர்த்தாலே எதிர்மறை முடிந்துவிடும். நம் மொழியை எண்ணிப் பாருங்கள்: நான் வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை, யார் வந்தாலும் "இல்லை" மாறுவதில்லை. ஆங்கிலமோ "டூ" என்ற துணைவினையை இடையில் நுழைத்து, ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப அதை "டஸ்", "டிட்" என்று மாற்றச் சொல்கிறது. பொருளே இல்லாத ஒரு சொல், வாக்கியத்தின் பாரத்தையெல்லாம் சுமக்கிறது. ஸ்பானிய மொழிக்காரர்கள் பலரும் தொடக்கத்தில் "நோ" போட்டுத்தான் பேசுவார்கள். மற்றவர்கள் கடந்து போன அந்தப் படியிலேயே ஆல்பர்ட்டோ நின்றுவிட்டார்.

மற்ற இடங்களிலும் இதே நிலைதான். கேள்வி கேட்கும்போது துணைவினையை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவருவது நூற்றுக்கு ஐந்து முறைகூட நடக்கவில்லை. வினையில் இறந்தகால "எட்" விகுதி சுமார் 7 விழுக்காடுதான் வந்தது. ஆனால் பன்மை "எஸ்" மட்டும் 85 விழுக்காடு சரியாக இருந்தது! இந்த அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஸ்பானிய மொழியிலும் பன்மைக்கு "எஸ்"தான். தாய்மொழி வழிவிட்ட இடத்தில் அவர் தடுக்கி விழவே இல்லை.

அறிவுத்திறனில் குறை இருக்குமோ என்று ஷூமன் சோதித்துப் பார்த்தார்; அப்படிப் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. பிறகு ஏழு மாதங்கள் எதிர்மறை வாக்கியத்தையே கற்பித்தார். கேட்டுச் சொல்ல வைத்த வாக்கியங்களில், பத்தில் ஒன்றாக இருந்த சரியான விடை 64 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இயல்பான பேச்சில் முன்பு 22 இருந்தது, பயிற்சிக்குப் பின் 20. இங்கே காணொளியை நிறுத்தி, அந்த 22-ஐயும் 20-ஐயும் ஒருமுறை அருகருகே வைத்துப் பாருங்கள். பாடம் மனத்தில் ஏறியிருக்கிறது. பேச்சை அது தொடவே இல்லை.

ஷூமன் சொன்ன காரணம் சமூகத் தொலைவு. ஆல்பர்ட்டோ தம் மொழிக்காரர்களோடு தங்கினார், பழகினார். ஆங்கிலம் புரியாததால் தொலைக்காட்சி வாங்கவில்லை. ஸ்பானியப் பாடல் கேட்க விலையுயர்ந்த ஸ்டீரியோ வாங்கினார். வகுப்புக்குப் போக வேண்டிய நேரத்தில் இரவு வேலையும் பார்த்தார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேவைப்பட்டதைப் பேசிக் காரியம் முடிக்க அந்த ஆங்கிலம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. செம்மைப்படுத்த வேண்டிய கட்டாயம் அவருடைய நாளில் எங்கும் எழவில்லை.

ஆனால் இந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதற்குத் தடையாக இன்னோர் ஆய்வு இருக்கிறது. 1983-இல் ரிச்சர்ட் ஷ்மிட் வெளியிட்ட ஆய்வில், ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய ஓவியர் ஒருவர் ஆங்கிலம் பேசுவோரோடு மனமாரப் பழகினார். மூன்றாண்டுகளில் அவர் உரையாடுவதில் நன்றாகத் தேறினார். இலக்கணம் மட்டும் பெரிதாக நகரவில்லை. ஆகவே நெருக்கம் இருந்தாலே இலக்கணம் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஒரே ஒருவரை ஆராயும் அறிக்கையின் எல்லையும் இதுதான்: என்ன நடந்தது என்பதை அது நுணுக்கமாகக் காட்டும், ஏன் நடந்தது என்பதை நிறுவாது.

ஆங்கிலம் கற்பிப்பவர்கள் இந்த இடைவெளியைத் தங்கள் மாணவரிடமே சோதிக்கலாம். இறந்தகால வினையால் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி மதிப்பெண் இடுங்கள். பிறகு, ஊர்த் திருவிழாவில் நேற்று நடந்ததைப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், இடையில் திருத்தாதீர்கள். இறந்தகாலம் வர வேண்டிய இடங்களை எண்ணி, அவற்றுள் எத்தனையில் வந்தது என்று குறித்துக்கொண்டு, இரண்டு எண்களையும் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.