வாட்ஸ்அப் கணக்கு போய்விட்டது. ஏழு நாள் ஏன் காத்திருக்க வேண்டும்?

[திரை: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், விடியற்காலை. கூடைகள், தராசு, பேரம் பேசும் குரல்கள்]

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கடைக்கு ஓடி வந்தார். "தம்பி, என் வாட்ஸ்அப்ப எவனோ எடுத்துட்டான். எல்லார்கிட்டயும் பதினஞ்சாயிரம் கேட்டுக்கிட்டு இருக்கான்" என்றார். ஆவணி முகூர்த்த நேரம் வேறு. உசிலம்பட்டியிலிருந்து சரக்கு வருவதும், பூக்கடைக்காரர்கள் ஆர்டர் சொல்வதும் எல்லாமே அந்த ஒரு எண்ணில்தான்.

நடந்தது இதுதான். காலை ஆறு மணிக்குத் தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து ஒரு செய்தி: "அக்கா, ஒரு கோட் தவறுதலா உங்க நம்பருக்கு வந்துருச்சு, அனுப்புங்க." அக்கா ஆறு இலக்க எண்ணை அனுப்பிவிட்டார். அந்தத் தெரிந்தவரின் கணக்கும் ஏற்கெனவே திருடப்பட்டதுதான். அக்கா அனுப்பியது அவருடைய கோட் இல்லை, அக்காவின் வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறக்கும் கோட்.

[திரை: பதிவு செய்யும் பக்கம், மாதிரி எண்ணுடன்]

பக்கத்துக் கடைப் பையன், "ஆப்பை அழிச்சுட்டு மறுபடி போடுங்க" என்று சொல்லியிருந்தான். நல்ல வேளை, அக்கா செய்யவில்லை. பழைய உரையாடல்கள் உங்கள் போனில்தான் இருக்கின்றன. திருடன் போனுக்கு அவை போகாது. அவன் பார்ப்பது புதிதாக வரும் செய்திகளையும், நீங்கள் இருக்கும் குழுக்களையும்தான். அந்தக் குழுக்களிலிருந்துதான் பணம் கேட்க ஆள் பிடிக்கிறான். ஆப்பை அழித்தால் நம் கையில் இருப்பதையும் நாமே தொலைத்துவிடும் வாய்ப்பு உண்டு.

ஆப்பை அழிக்காமலே அக்காவின் எண்ணை மறுபடி பதிவு செய்தோம். எஸ்எம்எஸ்ஸில் புது கோட் வந்தது, போட்டோம். உடனே இன்னொரு பெட்டி: ஆறு இலக்கப் பின் கேட்டது. அக்கா எந்தக் காலத்திலும் பின் வைத்ததில்லை. வைத்தவன் திருடன்.

"போச்சா தம்பி?" என்றார். இல்லை, பாதி வேலை முடிந்துவிட்டது. எஸ்எம்எஸ் கோடைப் போட்ட அந்த நொடியே திருடனின் போனிலிருந்து கணக்கு வெளியேறிவிடும். பின் தெரியுமா தெரியாதா என்பது அதற்கு முக்கியமில்லை. இப்போது கணக்கு அவனிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. பூட்டிய கடை மாதிரி நிற்கிறது. பலர் இந்தப் பின் பெட்டியைப் பார்த்ததும் மனம் உடைந்து பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். எஸ்எம்எஸ் கோடைப் போடும்வரை திருடன் உள்ளேயே உட்கார்ந்து பணம் கேட்டுக்கொண்டிருப்பான். அதனால் இந்த ஒரு படியைத் தள்ளிப்போடவே கூடாது.

[திரை: Forgot PIN? என்ற எழுத்தைச் சுற்றி வட்டம்]

அந்தப் பெட்டியில் Forgot PIN? என்று இருக்கும். அழுத்தினால், ஏழு நாள் காத்திருக்கச் சொல்லும். பின்னோடு மின்னஞ்சல் முகவரி சேர்த்திருந்தால் அதன் வழியாக உடனே மாற்றலாம். ஆனால் இந்தப் பின்னை வைத்தது அக்கா இல்லையே.

சரி, "எண் என்னுடையது, சிம் என் கையில், கோடும் எனக்குத்தான் வருகிறது. அப்புறம் எதற்கு ஏழு நாள்?" நியாயமான கேள்வி. இதையே தலைகீழாக யோசித்துப் பாருங்கள். அக்காவே முன்பு ஒரு பின் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் போலி ஆவணம் கொடுத்து அக்காவின் எண்ணுக்கு நகல் சிம் வாங்கிவிட்டான். இப்போது கோட் அவனுக்குத்தான் வரும். "சிம் என் கையில், கோட் எனக்குத்தான் வருகிறது" என்று அவனும் இதே வார்த்தையைச் சொல்வான். பின் தெரியாமல் அவனை உடனே உள்ளே விட்டால், பின் என்று ஒன்று இருப்பதற்கே அர்த்தமில்லை. ஏழு நாள் நிறுத்தி வைத்தால், அதற்குள் அக்கா தன் போனில் சிக்னல் செத்துக் கிடப்பதைக் கவனிப்பார், சிம் கம்பெனிக்குப் போய் எண்ணை மீட்டுவிடுவார்.

பின்னை உண்மையில் யார் வைத்தார் என்று கணினிக்குத் தெரியாது. ஒரே விதி, ஒரு நாள் நமக்குக் காவல், இன்னொரு நாள் நமக்கே தடை. மற்ற நிறுவனங்களும் இப்படித்தான் நாள் கணக்கு வைத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாதுகாப்புத் தகவல் அனைத்தையும் மாற்றக் கேட்டால் 30 நாள். அதைப் பார்த்தால் ஏழு பரவாயில்லை.

[திரை: நாள்காட்டி, செவ்வாய் முதல் செவ்வாய் வரை]

இந்த ஏழு நாளில் அக்கா செய்தது என்ன?

முதல் நாளே மகன் எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி: "என் வாட்ஸ்அப் திருடு போச்சு, பணம் கேட்டா குடுக்காதீங்க, ஆர்டரை இந்த நம்பருக்கு அனுப்புங்க." அக்காவின் குரலிலேயே பதிவு செய்து, வியாபாரக் குழுக்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினோம். பெரிய வாடிக்கையாளர்களுக்கு நேரில் போன் போட்டார். பழைய எண்ணுக்கு இடையில் வரும் செய்திகள் பின்னால் பத்திரமாக வந்து சேரும் என்று நம்பி இருக்க வேண்டாம். ஆர்டரை வேறு வழியில் வாங்கிவிடுவதே நல்லது.

ஒருவர் ஏற்கெனவே பணம் போட்டுவிட்டார். அவரை அப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யச் சொன்னோம். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனைக்கு 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். இதற்கு ஏழு நாளெல்லாம் காத்திருக்கக் கூடாது. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு.

நான்காம் நாள் ஒரு அழைப்பு. "வாட்ஸ்அப் கஸ்டமர் கேரில் இருந்து பேசுறோம், உங்க கணக்கை இன்னிக்கே திறந்து தர்றோம், வர்ற கோடை மட்டும் சொல்லுங்க." யோசித்தால் புரியும். திருடனிடம் பின் இருக்கிறது, கோட் இல்லை. நம்மிடம் கோட் வரும், பின் இல்லை. அவனுக்கு வேண்டியது இன்னொரு கோட் மட்டும்தான். சொல்லியிருந்தால் அவன் உடனே உள்ளே போயிருப்பான், நாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருப்போம். அக்கா, "பூ கட்டிக்கிட்டு இருக்கேன், வைய்யி" என்று துண்டித்துவிட்டார். இணையத்தில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களும் பெரும்பாலும் இதே வகைதான்.

அப்புறம், சிம்மின் ரீசார்ஜ் காலாவதி எப்போது என்று பாருங்கள். கடைசி நாளில் கோட் வர வேண்டும். அவசரப்பட்டு நகல் சிம் வாங்கவும் வேண்டாம். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். பின்னை ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்ப்பதிலும் பயனில்லை, காத்திருப்புதான் நீளும். போன் அமைப்பில் கால் ஃபார்வர்டிங் வேறு எண்ணுக்குப் போகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோட் குரல் அழைப்பாகவும் வரும் அல்லவா.

[திரை: மறு செவ்வாய், கடை]

அடுத்த செவ்வாய் நேரம் முடிந்தது. எண்ணைப் போட்டோம், புது கோட் வந்தது, பின் பெட்டியில் மீண்டும் Forgot PIN? அழுத்தி பழைய பின்னை நீக்கினோம். உரையாடல்கள் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. Linked devices பக்கத்தில் தெரியாத கருவி எதுவும் இல்லை.

பிறகு Settings, Account, Two-step verification போய்ப் புதுப் பின். மின்னஞ்சல் கேட்டது. அங்கேதான் அரை மணி நேரம் போனது. அக்காவின் மின்னஞ்சலை முதல் போன் வாங்கியபோது கடைக்காரர் உருவாக்கியிருக்கிறார், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. புதிதாக ஒன்று உருவாக்கி, கடவுச்சொல்லை அவரையே வரவுசெலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வைத்து, அதற்கப்புறம்தான் அந்த முகவரியைப் பின்னோடு சேர்த்தோம்.