சுவரின் வெளிச்சத்தை அளந்துவிட்டுப் புரொஜெக்டர் வாங்குங்கள்

[காட்சி: அரைச்சுவரும் கம்பிவலையும் கொண்ட வகுப்பறை. காலை பத்து மணி. முன்சுவரில் ஒரு படம் விழுந்திருக்கிறது. என்ன படம் என்று தெரியவில்லை.]

வணக்கம். நீங்கள் பார்க்கும் சுவரில் மனித இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் இருக்கிறது. முதல் வாங்கில் இருக்கும் பிள்ளைக்கே அது தெரியவில்லை. எங்கள் பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய புரொஜெக்டர் இது. அது அனுப்பும் மொத்த ஒளியின் அளவு 9000 லூமன் என்று பெட்டியில் போட்டிருந்தது. வாங்கிய அன்று இரவு ஒரு வீட்டில் போட்டுப் பார்த்தோம். படம் பளிச்சென்று இருந்தது. மறுநாள் வகுப்பறைக்குக் கொண்டுவந்தபோது இப்படியாகிவிட்டது. அந்தப் பணம் வீணானது இன்றும் என் மனதை உறுத்துகிறது. இன்னொரு பாடசாலைக்கு இது நடக்கக்கூடாது என்றுதான் இதைப் பதிவுசெய்கிறேன்.

[காட்சி: அணைத்து வைத்த புரொஜெக்டர், வெறும் சுவர்.]

புரொஜெக்டர் வெளிச்சத்தை மட்டுமே அனுப்பும். கறுப்பை அதனால் அனுப்ப முடியாது. படத்தில் கறுப்பாக இருக்கவேண்டிய இடத்துக்கு அது ஒளி அனுப்பாமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே, புரொஜெக்டரை அணைத்தால் இந்தச் சுவர் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறதோ, அதுதான் உங்கள் படத்தின் கறுப்பு. வன்னியில் பகல் பத்து மணிக்கு, பாதிச் சுவருக்கு மேல் திறந்திருக்கும் வகுப்பறையில், அந்தக் கறுப்பு வெளிறிய சாம்பல் நிறம்.

வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் என்பதுதான் மாறுபாடு. பெட்டியில் 20,000:1 என்று எழுதியிருக்கும் மாறுபாடு, இருட்டறையில் முழு வெள்ளையையும் முழுக் கறுப்பையும் தனித்தனியாகப் போட்டு அளந்தது. நம் வகுப்பறையில் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. இங்கே மாறுபாட்டைத் தீர்மானிப்பது சுவரில் விழும் பகல் வெளிச்சம்.

[காட்சி: கைத்தொலைபேசியைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கும் கை. திரை வகுப்பறையைப் பார்க்கிறது.]

அதை அளப்பது எளிது. ஒளி அளக்கும் செயலி ஒன்றைத் தொலைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். உணரி பெரும்பாலும் காது வைத்துக் கேட்கும் துளைக்கு அருகில் இருக்கும். திரை பிள்ளைகளைப் பார்க்கும்படி சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். வரும் எண் லக்ஸ், அதாவது ஒரு சதுர மீற்றரில் எத்தனை லூமன் விழுகிறது என்பது. தொலைபேசிக்குத் தொலைபேசி சற்று மாறினாலும் இந்த வேலைக்குப் போதும்.

எங்கள் அறை இருபதடிக்கு இருபதடி. முன்சுவரில் 400 லக்ஸ் வந்தது. பிறகு மற்றச் சுவர்களையும் அளந்தேன். களஞ்சிய அறையை ஒட்டிய பக்கச்சுவரில் 150 லக்ஸ்தான். வாங்குகளைத் திருப்பிப் போட்டால் போதும் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு சதமும் செலவில்லை.

[காட்சி: கரும்பலகையில் கணக்கு எழுதப்படுகிறது.]

இனிக் கணக்கு. படம் இரண்டு மீற்றர் அகலம், ஒன்றேகால் மீற்றர் உயரம் என்றால் பரப்பு இரண்டரைச் சதுர மீற்றர். 3300 லூமன் உள்ள புரொஜெக்டர் அதில் 1320 லக்ஸ் விழுத்தும். வெள்ளை இடத்தில் புரொஜெக்டரின் ஒளியும் பகலொளியும் சேரும். கறுப்பில் பகலொளி மட்டும். பழைய முன்சுவரில், 1720-ஐ 400-ஆல் வகுத்தால் மாறுபாடு நான்கு மடங்குக்குச் சற்று மேல். பக்கச்சுவரில், 1470-ஐ 150-ஆல் வகுத்தால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு.

எவ்வளவு வேண்டும்? அமெரிக்காவின் ஒலி-ஒளிக் கருவித் துறை அமைப்பான இன்ஃபோகாம் 2011-இல் வெளியிட்ட தரத்தின்படி, சும்மா பார்த்துக்கொண்டிருக்க 7 மடங்கு. வாசித்து விளங்கி முடிவெடுக்க 15 மடங்கு. பாடம் படிக்கும் பிள்ளைக்கு நாம் பதினைந்தை நோக்கிப் போகவேண்டும்.

அதற்கு அதிக லூமன்தான் வழி என்று எல்லோரும் நினைப்பார்கள். நான் படத்தைச் சிறிதாக்கினேன். அகலம் 1.6 மீற்றர், உயரம் 1 மீற்றர். அதே ஒளி சிறிய இடத்தில் செறிவாக விழுவதால் மாறுபாடு கிட்டத்தட்ட 15 மடங்கு. கடைசி வாங்கு ஐந்தரை மீற்றர் தூரத்தில். படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்குக்குள் இருந்தால் எழுத்தை வாசிக்கலாம். எழுத்துகளை மட்டும் பெரிதாகப் போடுங்கள்.

விளக்கு பழசாகப் பழசாக ஒளி குறையும். விளக்கின் ஆயுள் என்று சொல்லப்படுவதே ஒளி பாதியாகும் வரையுள்ள மணிநேரம்தான். ஆகவே 3300 லூமனில் எழுபது வீதத்தை வைத்துக் கணக்கிடுங்கள். அப்போதும் எங்கள் சுவரில் பத்து மடங்குக்கு மேல் நிற்கிறது.

[காட்சி: சன்னலுக்கு வெளியே சரிவாகக் கட்டிய கிடுகுத் தட்டி.]

கறுப்புத் துணி கட்டலாமே என்று அதிபர் கேட்டார். சித்திரை வெயிலில் துணி கட்டினால் பிள்ளைகள் வெந்துபோவார்கள். வெளியே, கூரை விளிம்பிலிருந்து சரிவாக இறங்கும்படி கிடுகுத் தட்டி கட்டினோம். காற்று கீழால் வருகிறது. வெயில் நேராக வருவதில்லை. பக்கச்சுவரில் லக்ஸ் 150-இலிருந்து 80-க்கு இறங்கியது. விளக்கின் ஒளி எழுபது வீதமாகக் குறைந்தாலும் இனிப் பதினைந்துக்குக் கீழே போகாது.

[காட்சி: சுவரிலிருந்து கூரை வளை வரை அளவு நாடா.]

அடுத்தது தூரம். புரொஜெக்டருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது எறிவிகிதம். பெட்டியில் 1.4 முதல் 1.7 வரை என்று இருந்தால், 1.6 மீற்றர் அகலப் படத்துக்கு அதை 2.24 முதல் 2.72 மீற்றர் வரையான தூரத்தில் வைக்கவேண்டும். எங்கள் கூரையில் பாரம் தாங்கக்கூடிய வளை 2.6 மீற்றரில் இருக்கிறது. பொருந்துகிறது. உங்கள் வளை நான்கு மீற்றரில் இருந்தால் இதே புரொஜெக்டர் படத்தை மிகப் பெரிதாக்கி, ஒளியைப் பரப்பி, நாம் போட்ட கணக்கையெல்லாம் கெடுத்துவிடும். முதலில் வளையை அளவுங்கள், பிறகு விகிதத்தைத் தேடுங்கள்.

தொங்கவிட வளையே இல்லையென்றால், விகிதம் 0.5 அளவுள்ள குறுந்தூரப் புரொஜெக்டரைப் பாருங்கள். சுவரிலிருந்து 80 சென்ரிமீற்றரில் வைத்தாலே போதும். ஆசிரியரின் நிழலும் படத்தில் அதிகம் விழாது. விலை கூட. மேசையில் வைத்துச் சாய்த்து, சரிவுத் திருத்தத்தால் படத்தை நேராக்கும் வழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். அது புரொஜெக்டரின் படப்புள்ளிகளில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விடுவதால் எழுத்தின் கூர்மையும் ஒளியும் குறையும்.

[காட்சி: கடை. தொலைபேசியும் அளவு நாடாவும் மேசையில்.]

கடைக்குப் பகலில் போங்கள். தர அமைப்புகள் வகுத்த முறையில் அளந்த ஆன்சி லூமன் அல்லது ஐ.எஸ்.ஓ. லூமன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் லூமன், எல்.ஈ.டி. லூமன் என்றால் நம்பாதீர்கள். படத்தை 1.6 மீற்றர் அகலத்துக்கு விழுத்தச் சொல்லி, முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைப் போடுங்கள். அதை ஒன்பது கட்டங்களாக மனதில் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் தொலைபேசியை வைத்து அளவுங்கள். சராசரியிலிருந்து புரொஜெக்டரை அணைத்தபோது வந்த லக்ஸைக் கழித்து, மீதியைப் பரப்பால், அதாவது 1.6-ஆல், பெருக்குங்கள்.

இரண்டாவது முறை நான் வாங்கியதில் 1900 லக்ஸ் வந்தது. ஏறக்குறைய 3000 லூமன். பெட்டியில் 3300 இருந்தது, ஏற்கத்தக்க வித்தியாசம். பழைய 9000 லூமன் பெட்டியையும் அதே முறையில் அளந்தேன். 160 லக்ஸ். பெருக்கினால் 256 லூமன்.