முகத்துல எழுதுன பேரு, மரப்பட்டைல எழுதுன கதை

எல்லாருக்கும் வணக்கம். 1820கள்ல இங்கிலாந்துல லிவர்பூல்ல நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். தே பெஹி குபேனு நியூசிலாந்துப் பழங்குடியான மாவோரி இனத்துத் தலைவர் ஒருத்தர், துப்பாக்கி வாங்கணும்னு 1824ல ஒரு கப்பல்ல ஏறி, இறங்க மாட்டேன்னு உட்கார்ந்து இங்கிலாந்து வரைக்கும் வந்துட்டாரு. அங்க ஒரு ஓவியர் அவரை வரையும்போது, நெத்தில பச்சை குத்துன கோடு ஒண்ணுகூட தப்பா விழக்கூடாதுன்னு அவர் பக்கத்துலயே இருந்து கவனிச்சுக்கிட்டாரு. அப்புறம் தானே பேனாவ எடுத்து, கண்ணாடி பார்க்காம, தன் முகத்துப் பச்சை முழுசையும் பேப்பர்ல போட்டுட்டாரு. அதோட நிக்கல, தம்பியோடதையும் மகனோடதையும் மனசுல இருந்தே வரைஞ்சாரு. நீங்க பேனாவால பேர் எழுதுறீங்க, என் பேரு இங்க இருக்குனு நெத்தியத் தொட்டுக் காட்டுனாராம்.

அந்தப் பச்சைக்குப் பேரு மோக்கோ. அந்தக் காலத்துல ஊசியால குத்தல, எலும்புல செஞ்ச சின்ன உளிய வச்சுத் தட்டித் தட்டி தோல்ல பள்ளம் விழுற மாதிரி செதுக்குனாங்க. முகத்துல ஒரு பக்கம் அப்பா வழி, மறுபக்கம் அம்மா வழி, ஆனா எந்தப் பக்கம் யாருக்குங்கிறது குலத்துக்குக் குலம் மாறும், அதனால புத்தகத்தப் பார்த்து அர்த்தம் சொல்றவங்கள நம்பாதீங்க. அந்தக் காலத்து நிலப் பத்திரங்கள்ல தலைவர்கள் தங்களோட மோக்கோல ஒரு பகுதிய வரைஞ்சே கையெழுத்துப் போட்டாங்க.

இப்போ பசிபிக் கடல்ல இருக்குற டோங்கா தீவு நாட்டுக்கு வாங்க. அங்க ஙாத்துனு ஒரு மரப்பட்டைத் துணி. காகித மல்பெரி மரத்தோட உள்பட்டைய ஊறவச்சு, பொம்பளைங்க கட்டையால அடிச்சு அடிச்சு அகலப்படுத்தி, ரெண்டு அடுக்கா ஒட்டி, கீழ கோலப் பலகைய வச்சு மேல பழுப்புச் சாயத்தத் தேய்ப்பாங்க, கோலம் மேல ஏறி வரும். அப்புறம் கையால கறுப்புக் கோடு. அந்தக் கோலங்கள்ல அரச குடும்பத்துச் சின்னம், ஊர்ல நடந்த சேதி எல்லாம் வரும். ஓரத்துல ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பர் போட்டிருப்பாங்க, ஏன்னா சபைல குடுக்குறப்போ எத்தனை பாகம்ங்கிறதுதான் மரியாதையோட அளவு. ஐம்பது பாகம் இருந்தா அதுக்கு லாவுநிமானு பேரு, இருபது மீட்டருக்கு மேல நீளம்.

அப்படி ஒண்ணு 1953ல எலிசபெத் ராணி டோங்கா வந்தப்போ செஞ்சது. 1965ல டோங்கா ராணி சலோட்டே நியூசிலாந்துல ஆக்லாந்துல இறந்துபோக, அவங்க உடல ஃபிளைட்ல ஊருக்குக் கொண்டுவர்றப்போ பெட்டிக்கு அடில விரிச்சது அதே துணியத்தான். இப்போ வெலிங்டன்ல தே பாப்பா மியூசியத்துல இருக்கு. சவப்பெட்டி அது மேல போன கதை கோலத்துல எங்கயும் இல்ல, ஏன்னா கோலம் போட்டு முடிச்சு பன்னெண்டு வருஷம் கழிச்சுதான் அது நடந்துச்சு, கூட இருந்து பார்த்தவங்க சொல்லித்தான் நமக்குத் தெரியுது.