பதினாறாம் நாள் விடியலில் ஒரு மறுப்பு

அவையோருக்கு வணக்கம். சடங்கு வேண்டாம் என்று மேடையில் சொல்வது எளிது. பதினைந்தாம் நாள் ராத்திரி, வீடு நிறைய உறவு படுத்திருக்கும்போது சொல்வதுதான் கஷ்டம். அந்த ராத்திரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் கருமாதி. எங்கள் பக்கம் அன்றைக்கு விடிவதற்கு முன்பே, கணவனை இழந்தவரிடமிருந்து தாலி வாங்குவார்கள். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி இது மாறும். சில இடங்களில் பத்தாம் நாள், சில இடங்களில் பிணம் எடுக்கும் நாளிலேயே முடிந்துவிடும். எங்களில் முதலில் அந்த அம்மாவைக் குளிக்க வைத்து, மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, தலை நிறையப் பூவும் கை நிறையக் கண்ணாடி வளையலும் போட்டுவிடுவார்கள். பிறகு அத்தனையையும் எடுப்பார்கள். வளையலை உடைத்து, பூவைப் பிய்த்து, பொட்டை அழித்து, தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போடுவார்கள். இதைச் செய்கிறவர்களும் கணவனை இழந்தவர்களே. கட்டுக்கழுத்திகள் பார்க்கக்கூடாதென்று உள்ளறையில் இருப்பார்கள். கடைசியில் பிறந்த வீட்டுக் கோடி போடுவார்கள்.

எங்கள் வீட்டில் இதைச் செய்ய வேண்டியவர் அப்பாவின் அக்கா, என் அத்தை. அம்மாவுக்கு விருப்பமில்லை. என்னிடம் சொன்னார், அத்தையிடம் சொல்ல வாய் வரவில்லை.

நான் செய்த முதல் தப்பு, பெரியப்பாவிடமும் பங்காளிகளிடமும் போய்ப் பேசியது. "பொம்பளைங்க சமாச்சாரம், எங்களுக்கு என்ன தெரியும்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்கள். இதற்குள் அத்தை காதுக்குச் சேதி போய்விட்டது. தன்னிடம் சொல்லாமல் ஊரிடம் சொன்னார்கள் என்ற வருத்தம் சடங்கைவிடப் பெரிதாகிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்படியில் அத்தை தனியாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். போய் உட்கார்ந்தேன். மூடநம்பிக்கை, பெண்ணடிமை என்றெல்லாம் மனதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்: "எனக்கு இருபத்தொம்பது வயசுல செஞ்சாங்க தாயி. கையில வளையல் ஒடஞ்சு ரத்தம் வந்துச்சு. அப்ப ஒருத்தரும் வேணாம்னு சொல்லலையே."

தயார் செய்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. நாம் 'இது கொடுமை' என்று சொன்னால், அதைத் தாங்கிக்கொண்டு நாற்பது வருஷம் வாழ்ந்தவருக்கு எப்படிக் கேட்கும்? 'உனக்கு நடந்தது வீண்' என்றுதானே கேட்கும்? சாஸ்திரம் பேசி வற்புறுத்துகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சடங்கில் கேட்கிற கையும் வெட்டுப்பட்ட கைதான்.

அதனால் சடங்கு சரியா தப்பா என்ற பேச்சையே விட்டுவிட்டேன். "அத்தை, அம்மாவுக்கு நாளைக்கு இது வேண்டாமாம். உங்ககிட்டச் சொல்லப் பயப்படறாங்க. விடியக்காலம் நீங்க அவங்க பக்கத்துல இருக்கணும், கோடி உங்க கையாலதான் வாங்கணும்னு ஆசைப்படறாங்க" என்றேன். 'நாங்கள்' என்று சொல்லாமல் 'அம்மா' என்று சொன்னதில் அர்த்தம் இருந்தது. மகள் படித்துவிட்டுத் திமிராகப் பேசுகிறாள் என்று தள்ளிவிடலாம். தம்பி பெண்டாட்டி பயப்படுகிறாள் என்பதைத் தள்ள முடியாது.

அத்தை ஒத்துக்கொண்டார் என்று நினைத்துக் கைதட்டிவிடாதீர்கள். "ஊரு என்னையத்தான் பேசும்" என்று எழுந்து போனார். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாமா நீட்டிய கோடியை வாங்கி, அம்மா தோளில் போட்டார். பொட்டைத் தொடவில்லை. பால் கிண்ணம் வரவே இல்லை. பந்தியில் மட்டும் அவர் உட்காரவில்லை.

மராட்டியத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்ற ஊரில், 2022 மே மாதம் கிராம சபை கூடி, குங்குமம் அழிப்பது, வளையல் உடைப்பது, தாலி கழற்றுவது எதுவும் இனி வேண்டாமென்று தீர்மானம் போட்டார்கள். அந்த மாதமே மாநில அரசும் மற்ற ஊராட்சிகள் அதைப் பின்பற்றச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. ஊரே சேர்ந்து தீர்மானம் போட்டால் ஓர் அத்தை மட்டும் பழி சுமக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அத்தைதான் சுமந்தார்.

இதனால் எல்லாம் மாறிவிடவும் இல்லை. அடுத்த வருஷம் தம்பி கல்யாணத்தில் ஆரத்தித் தட்டு அம்மாவைத் தாண்டிப் போனது. பெற்ற மகன் கல்யாணம். அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், சங்கிலி கழுத்தை உறுத்துகிறதென்று அம்மாவே தாலியைக் கழற்றி, அப்பாவின் கைக்கடிகாரம் இருந்த டப்பாவில் வைத்தார். பொட்டு மட்டும் இன்றைக்கும் வைக்கிறார். தாலி கழற்றியதை அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை.